சும்மா இருக்க முடியாத ஆட்டம்: ஸுக்ஸ்வாங்கும் ஆன் பஸானும்

செஸ்ஸில் எதிராளி ஒரு காயை நகர்த்தினால் அடுத்து நீங்கள் ஒன்றை நகர்த்தியே ஆக வேண்டும். "இந்த முறை எனக்கு வேண்டாம், நீயே ஆடு" என்று சொல்ல வழியில்லை. ஆட்டம் தொடங்கும்போது இது யாருக்கும் தொல்லையாகத் தெரியாது. நகர்த்த எத்தனையோ காய்கள் இருக்கும், எப்போது நம் முறை வரும் என்றுதான் காத்திருப்போம். காய்கள் குறைந்து, பலகையில் இரண்டு ராஜாவும் நாலைந்து சிப்பாயும் மட்டும் மிஞ்சும்போதுதான் அதே முறை கழுத்தில் கட்டிய கல்லாக மாறும். அதற்குத்தான் ஸுக்ஸ்வாங் என்று பெயர்.

இது ஜெர்மன் சொல். 'ட்ஸூக்' என்றால் நகர்வு, 'ட்ஸ்வாங்' என்றால் கட்டாயம். நகர்த்தவேண்டிய கட்டாயம் என்று பொருள். நம் பக்கத்துக் கிளப்புகளில் ஆளுக்கொரு மாதிரி உச்சரிப்பார்கள், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். விளக்கத்தைப் படித்துக்கொண்டே போகாமல் ஒரு பலகையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதில் வரும் நிலைகளுக்கு மூன்று முதல் ஏழு காய்கள் போதும்.

முதல் நிலைக்கு மூன்றே காய்கள். வெள்ளை ராஜா e6, வெள்ளைச் சிப்பாய் d7, கருப்பு ராஜா d8. இப்போது கருப்பின் முறை. கருப்பு ராஜா எங்கே போகலாம் என்று ஒவ்வொரு கட்டமாகப் பாருங்கள். c8, e8 இரண்டையும் d7 சிப்பாய் சாய்வாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. e7-க்குப் பக்கத்தில் வெள்ளை ராஜா. சிப்பாயை வெட்டலாம் என்றால் அதற்கும் வெள்ளை ராஜா காவல். மிஞ்சுவது c7 ஒன்றுதான். ராஜா c7 போனதும் வெள்ளை ராஜா e7-க்கு வந்து d8 கட்டத்தைத் தன் காவலில் எடுத்துக்கொள்ளும். அடுத்த முறை சிப்பாய் d8-ல் ராணியாகிவிடும், ஆட்டம் வெள்ளைக்கு.

காய் எதையும் தொடாமல் முறையை மட்டும் மாற்றுங்கள். அதே நிலை, இப்போது வெள்ளையின் முறை. வெள்ளை ராஜா d6 வந்தால் கருப்பு ராஜாவுக்குப் போக இடமே இல்லை, செக்கும் இல்லை. அது ஸ்டேல்மேட், டிரா. வேறு எங்கே நகர்ந்தாலும் d7 சிப்பாய்க்குக் காவல் போய்விடும், கருப்பு ராஜா அதை வெட்டிவிடும், அதுவும் டிரா. யார் முறை என்பது மட்டும் மாறியதில் ஜெயித்த ஆட்டம் டிரா ஆகிவிட்டது. இரு பக்கத்துக்கும் நகர்வதே கேடாக இருக்கும் இப்படிப்பட்ட நிலையை இருதரப்பு ஸுக்ஸ்வாங் என்று சொல்வார்கள்.

புதிதாகக் கற்பவர்கள் இந்தச் சொல்லைத் தெரிந்துகொண்டதும் மோசமான நிலை எல்லாவற்றுக்கும் அதையே சொல்ல ஆரம்பிப்பார்கள். ராணி மாட்டிக்கொண்டால் ஸுக்ஸ்வாங், அடுத்த நகர்வில் மேட் வரும் என்றால் ஸுக்ஸ்வாங். இரண்டும் தவறு. சரிபார்க்க ஒரு எளிய கேள்வி உண்டு: இவரை இந்த ஒரு முறை மட்டும் சும்மா இருக்க விட்டால் தப்பிப்பாரா? தப்பிப்பார் என்றால் அது ஸுக்ஸ்வாங். சும்மா இருந்தாலும் அடி விழும் என்றால் அது வெறும் அச்சுறுத்தல். மேலே உள்ள நிலையில் கருப்பு சும்மா இருக்க முடிந்தால் வெள்ளையால் ஜெயிக்க முடியாது, எனவே அது அசல் ஸுக்ஸ்வாங்.

இந்தக் கேள்வி பெரிய ஆட்டங்களிலேயே வாக்குவாதத்தைக் கிளப்பியிருக்கிறது. 1923-ல் கோபன்ஹேகனில் ஸேமிஷுக்கு எதிராக நிம்ஸோவிச் கருப்புக் காய்களில் ஆடிய ஆட்டம் 'அழியாத ஸுக்ஸ்வாங் ஆட்டம்' என்று பெயர் பெற்றது. 25-ஆவது நகர்வாக நிம்ஸோவிச் h சிப்பாயை அமைதியாக h6-க்குத் தள்ளியதும் ஸேமிஷ் தோல்வியை ஒப்புக்கொண்டார். பலகை நிறையக் காய்கள் இருந்தும் வெள்ளைக்கு உருப்படியான நகர்வு ஒன்றும் இல்லை. ஆனால் வெள்ளை சும்மா இருந்தாலும் கருப்பிடம் ஜெயிக்கும் அச்சுறுத்தல் ஒன்று தயாராக இருந்தது, அதனால் இதை முழு ஸுக்ஸ்வாங் என்று ஏற்காதவர்களும் உண்டு. ஏற்காதவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆட்டத்தின் அழகு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

காய்கள் நிறைய இருக்கும்போது ஸுக்ஸ்வாங் அரிதாக வருவதற்குக் காரணம் எளிது. எங்கோ ஒரு மூலையில் யானையை ஒரு கட்டம் தள்ளிவிட்டுத் திரும்பக் கொண்டுவரலாம், குதிரையை வெளியே எடுத்துத் திரும்ப உள்ளே வைக்கலாம், எதுவும் கெட்டுப்போகாது. ராஜாவும் சிப்பாயும் மட்டும் இருக்கும் இறுதி ஆட்டத்தில் அந்த வசதி இல்லை. சிப்பாய் பின்னால் வராது. ராஜாவோ ஏதோ ஒன்றைக் காவல் காத்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்க வேண்டியிருக்கும். அங்கே எவரிடம் எதையும் கெடுக்காமல் ஆடக்கூடிய ஒரு சிப்பாய் நகர்வு மிச்சம் இருக்கிறதோ அவர் பிழைப்பார். கையில் சில்லறை வைத்திருப்பது போல. ஆடி முடித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

அந்தச் சில்லறையில் ஒரு நுணுக்கம் உண்டு. தொடக்க வரிசையில் இன்னும் நகராமல் நிற்கும் சிப்பாய் ஒரு கட்டமும் போகலாம், இரண்டு கட்டமும் போகலாம். எதிரே வழி காலியாக இருந்தால், அதே இரண்டு கட்டத்தை ஒரே முறையில் தாண்டவும் செய்யலாம், இரண்டு முறையாகப் பிரித்துச் செலவழிக்கவும் செய்யலாம். யாருக்கு நகர்வு முதலில் தீரும் என்று கணக்குப் போடும் இடத்தில் இந்தத் தெரிவு ஆட்டத்தையே மாற்றும். ஆனால் இரண்டு கட்டம் தாண்டும் உரிமைக்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. அதுதான் ஆன் பஸான்.

இது பிரெஞ்சுச் சொல். தமிழில் இதற்குப் பொருத்தமான சொல் கையிலேயே இருக்கிறது: போகிற போக்கில். எதிராளியின் சிப்பாய் போகிற போக்கில் அதை வெட்டுவது. பல பிள்ளைகள் எழுத்தைப் பார்த்து 'என் பாசன்ட்' என்பார்கள், அதுவும் எல்லோருக்கும் புரியும்.

விதி ஏன் வந்தது என்று தெரிந்தால் விதி தானாகவே நினைவில் நிற்கும். பழைய ஆட்டமுறைகளில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். ஆட்டம் வேகமாகத் தொடங்கட்டும் என்று பிற்பாடு ஐரோப்பாவில் இரண்டு கட்டம் போகலாம் என்று விட்டார்கள். உடனே ஒரு ஓட்டை விழுந்தது. உங்கள் சிப்பாய் ஐந்தாம் வரிசை வரை கஷ்டப்பட்டு வந்து, பக்கத்துப் பாதையில் வரும் எதிரிச் சிப்பாயைப் பிடிக்கக் காத்திருக்கிறது. ஒரு கட்டம் வந்தால் வெட்டுப்படும் என்று தெரிந்த அந்தச் சிப்பாய் இரண்டு கட்டம் குதித்து உங்களுக்கு இணையாக வந்து நின்றுகொண்டு நழுவப் பார்க்கிறது. அப்படி நழுவ விடக்கூடாது என்பதற்காக, அது ஒரு கட்டம் மட்டுமே வந்ததாக வைத்துக்கொண்டு நீங்கள் வெட்டலாம் என்றார்கள். வீட்டில் தாத்தா பழைய இந்திய முறையில் ஆடிப் பழகியவராக இருந்தால் "அப்படி ஒரு விதியே கிடையாது" என்று சாதிக்கக்கூடும். சிப்பாய் இரண்டு கட்டம் போகாத ஆட்டத்தில் இந்த விதிக்கு வேலையில்லை, அதனால் அவர் பக்கம் அவர் சொல்வது சரிதான். பள்ளிப் போட்டிகள் நடப்பது உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளில். அங்கே இது மூன்றாம் பிரிவில், சிப்பாய் எப்படி நகரும் என்று சொல்லும் இடத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

பலகையில் செய்து பார்க்கலாம். வெள்ளைச் சிப்பாய் e5-ல் இருக்கிறது. கருப்பு தன் d7 சிப்பாயை ஒரே நகர்வில் d5-க்குக் கொண்டுவருகிறது. இப்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. வெள்ளை தன் e5 சிப்பாயை எடுத்துச் சாய்வாக d6-ல் வைக்கிறது, பிறகு d5-ல் நிற்கும் கருப்புச் சிப்பாயைப் பலகையிலிருந்து எடுத்துவிடுகிறது. செஸ்ஸில் வெட்டும் காய் ஒரு கட்டத்திலும் வெட்டுப்பட்ட காய் வேறு கட்டத்திலும் இருப்பது இந்த ஒரே இடத்தில்தான். ஸ்கோர் ஷீட்டில் exd6 என்று எழுத வேண்டும், exd5 என்று அல்ல. வேண்டுமானால் பின்னால் e.p. சேர்க்கலாம்.

கிளப் மேசைகளில் குழப்பம் வருவதும் இந்த இடத்தில்தான். பழக்க தோஷத்தில் சிலர் தங்கள் சிப்பாயை d5-லேயே, அதாவது வெட்டுப்பட்ட காயின் இடத்திலேயே வைத்துவிடுவார்கள். சிப்பாய் பக்கவாட்டில் நகராது என்பதை நினைத்தாலே அது தவறு என்று தெரியும். வேறு சிலர் d6-ல் சரியாக வைத்துவிட்டு, d5 சிப்பாயை எடுக்க மறந்து கடிகாரத்தை அழுத்திவிடுவார்கள். நான்கு நகர்வு கழித்து "இந்தச் சிப்பாய் எப்படி இங்கே வந்தது?" என்று இருவரும் முழிப்பார்கள். முதலில் உங்கள் சிப்பாய், அடுத்து எதிராளியின் சிப்பாய், அதன் பிறகே கடிகாரம் என்று கையைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

இந்த உரிமை எப்போது இருக்கிறது என்பதைத் தீர்மானிக்கும் நிபந்தனைகள் சில. வெட்டுவதும் வெட்டுப்படுவதும் சிப்பாயாகவே இருக்க வேண்டும். எதிரிச் சிப்பாய் தொடக்க வரிசையிலிருந்து ஒரே தாவலில் இரண்டு கட்டம் வந்திருக்க வேண்டும். முதலில் d6, பிறகு d5 என்று இரண்டு முறையாக வந்திருந்தால் உரிமை இல்லை. வெட்டும் சிப்பாய், வெள்ளை என்றால் ஐந்தாம் வரிசையில், கருப்பு என்றால் நான்காம் வரிசையில், பக்கத்துப் பாதையில் நிற்க வேண்டும். கடைசியாக, மிக அதிகம் மறக்கப்படுவது: உடனே அடுத்த நகர்விலேயே வெட்ட வேண்டும். நடுவில் ஒரு செக் கொடுத்துவிட்டு வந்து வெட்டுகிறேன் என்றால் முடியாது. குறிப்பிட்ட அந்தச் சிப்பாயைப் பொறுத்தவரை உரிமை அதோடு போய்விட்டது. வேறொரு சிப்பாய் பிறகு இரண்டு கட்டம் தாவினால் அப்போது புதிதாக ஒரு உரிமை பிறக்கும். ஒரு ஆட்டத்தில் ஒரு தடவைதான் செய்யலாம் என்று சிலர் நம்புகிறார்கள், அப்படி எல்லை எதுவும் இல்லை.

கட்டாயம் வெட்ட வேண்டுமா? வேண்டாம், விருப்பம்தான். பல சமயம் வெட்டாமல் இருப்பதே நல்லது. ஆனால் உங்களிடம் உள்ள ஒரே செல்லுபடியாகும் நகர்வு அதுவாக இருந்தால் அதைத்தான் ஆட வேண்டும். அந்த நிலையில் "எனக்கு நகர்வே இல்லை, ஸ்டேல்மேட்" என்று கை நீட்டினால் எதிராளி ஒப்புக்கொள்ளக் கூடாது. அதேபோல, இரண்டு கட்டம் தாவிய சிப்பாய் உங்கள் ராஜாவுக்குச் செக் கொடுத்தால், ஆன் பஸானால் அந்தச் சிப்பாயையே நீக்கித் தப்பிக்கலாம். உங்கள் ராஜா c4-ல், சிப்பாய் e5-ல், கருப்பு d7-லிருந்து d5-க்குத் தாவிச் செக் வைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். exd6 ஆடினால் செக் வைத்த காயே பலகையில் இல்லை. மேட் என்று அறிவிக்கும் முன் இந்த ஒரு வழியைப் பார்க்காமல் விட்டு, ஆடுபவர்கள் இருவரும் காயை அடுக்கத் தொடங்கிவிடுவது உண்டு.

வெட்ட முடியாத ஒரு விசித்திரமான நிலையையும் பார்த்துவிடுவோம். வெள்ளை ராஜா a5, வெள்ளைச் சிப்பாய் b5. கருப்பு யானை h5, கருப்புச் சிப்பாய் c7-லிருந்து c5-க்குத் தாவுகிறது. நிபந்தனைகள் எல்லாம் பொருந்துகின்றன. ஆனால் bxc6 ஆடினால் ஐந்தாம் வரிசையிலிருந்து b5, c5 இரண்டும் ஒரே நேரத்தில் காலியாகும். h5 யானைக்கும் a5 ராஜாவுக்கும் நடுவில் ஒன்றுமே இருக்காது. சொந்த ராஜாவைத் தானே செக்கில் விடுவது கூடாது, எனவே இந்த வெட்டு செல்லாது. வேறு எந்த நகர்விலும் ஒரே வரிசையிலிருந்து இரண்டு காய்கள் இப்படி ஒன்றாக மறைவதில்லை என்பதால் அனுபவசாலிகளும் இதில் ஏமாறுவார்கள்.

இனி இரண்டையும் ஒரே பலகையில் பார்க்கலாம். வெள்ளை ராஜா f5, சிப்பாய்கள் g4, b5. கருப்பு ராஜா h4, சிப்பாய்கள் g5, b6, a7. மொத்தம் ஏழு காய்கள். கருப்பின் முறை. லிசெஸ் போன்ற தளத்தில் வைத்துப் பார்க்க விரும்புபவர்கள் பகுப்பாய்வுப் பலகையில் இந்த வரியை ஒட்டலாம்:

```
8/p7/1p6/1P3Kp1/6Pk/8/8/8 b - - 0 1
```

முதலில் வலது பக்கத்தை மட்டும் பாருங்கள். வெள்ளை ராஜா ஒரே இடத்தில் நின்று இரண்டு வேலை செய்கிறது: தன் g4 சிப்பாயைக் காக்கிறது, கருப்பின் g5 சிப்பாயைக் குறிவைக்கிறது. h4-ல் நிற்கும் கருப்பு ராஜாவும் அச்சாக அதையே திருப்பிச் செய்கிறது. இரண்டு பேர் ஒரே கயிற்றின் இரு முனையைப் பிடித்து நிற்பது போல. முதலில் கையை விடுபவர் சிப்பாயை இழப்பார், அதோடு பெரும்பாலும் ஆட்டத்தையும். இந்தப் பின்னல் இறுதி ஆட்டங்களில் அடிக்கடி வரும். எனவே இங்கே உள்ள கேள்வி ஒன்றே ஒன்று: ராஜாவைத் தொடாமல் ஆட யாரிடம் நகர்வு மிச்சம் இருக்கிறது?

வெள்ளையிடம் இல்லை. b5 சிப்பாய்க்கு எதிரே b6 அடைத்து நிற்கிறது, g4-க்கு எதிரே g5. கருப்பிடம் a7 சிப்பாய் இருக்கிறது. அது தொடக்க வரிசையில் நிற்பதால் a6, a5 என்று இரண்டு வழியும் திறந்திருப்பது போலத் தெரியும். கருப்புக்கு ஆடுபவர் நிம்மதியாகப் பெருமூச்சு விடும் இடம் இது. விடக்கூடாது.

கருப்பு a6 ஆடினால் b5 சிப்பாய் அதைச் சாதாரணமாகவே வெட்டிவிடும். a6-ல் நிற்கும் வெள்ளைச் சிப்பாய் ராணியாக இரண்டு படிதான் பாக்கி. கருப்பு b5 என்று ஓடினால் a7, b4 என்று ஓடினால் a8-ல் ராணி. கருப்புச் சிப்பாய் b3 வரும்போது வெள்ளை ராணி e4-க்கு வந்து சாய்வாக b1 கட்டத்தைப் பார்த்துக்கொள்ளும். பந்தயம் அங்கேயே முடிந்தது.

ராஜாவை நகர்த்தலாமா? அதற்குள்ள கட்டங்கள் h3, g3 மட்டுமே. எங்கே போனாலும் வெள்ளை ராஜா g5 சிப்பாயை எடுத்துக்கொண்டு, பக்கத்திலேயே g4-ஐயும் காத்து நிற்கும். பிறகு அந்தச் சிப்பாய் ராணியாவதைத் தடுக்கக் கருப்பால் முடியாது.

மிஞ்சியது a5. இரண்டு கட்டம் தாவி, b5 சிப்பாய்க்கு எட்டாமல் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஆன் பஸான் என்ற விதியே இல்லை என்று ஒரு நிமிடம் கற்பனை செய்யுங்கள். இப்போது வெள்ளையின் முறை. வெள்ளையிடம் சிப்பாய் நகர்வு இல்லை. ராஜா e4, e5, e6, f6, g6 ஆகிய ஐந்து கட்டங்களுக்குப் போகலாம், எங்கே போனாலும் g4 அநாதையாகிவிடும். கருப்பு ராஜா அதை எடுத்துக்கொண்டு, பிறகு விலகி g5 சிப்பாய்க்கு வழிவிட, ஆட்டம் கருப்புக்கு. வெள்ளை ராஜா இடது பக்கம் ஓடி b6, a5 இரண்டையும் விழுங்கப் பார்த்தாலும், அதற்குள் g சிப்பாய் g1-ஐ எட்டிவிடும். வேண்டுமானால் எண்ணிப் பாருங்கள்: ராஜா e6, கருப்பு g4-ஐ வெட்டுகிறது, ராஜா d6, கருப்பு ராஜா f4-க்கு விலகி வழிவிடுகிறது, ராஜா c6, சிப்பாய் g4, ராஜா b6-ஐ வெட்டுகிறது, சிப்பாய் g3, ராஜா a5-ஐ வெட்டுகிறது, சிப்பாய் g2. வெள்ளையின் b சிப்பாய் b6-க்கு வரும்போது கருப்புக்கு ராணி வந்துவிட்டது.

விதி இருக்கிறது. எனவே வெள்ளை bxa6 ஆடுகிறது: b5 சிப்பாய் a6-க்கு, a5 சிப்பாய் பலகைக்கு வெளியே. கருப்பு a6 ஆடியிருந்தால் என்ன நிலை வந்திருக்குமோ அதே நிலை, புள்ளி மாறாமல். மறுபடியும் கருப்பின் முறை, மறுபடியும் b சிப்பாயை ஓட்டுவதைத் தவிர உருப்படியாக ஒன்றும் இல்லை, வெள்ளைக்கு மூன்றாவது நகர்வில் a7, நான்காவதில் ராணி. போகிற போக்கில் வெட்டியதால்தான் கருப்பு ஸுக்ஸ்வாங்கிலிருந்து வெளியேற முடியவில்லை.

வெள்ளைக்கு ஆடுபவர் கவனிக்க வேண்டியது இன்னும் கூர்மையானது. கருப்பு a5 ஆடியதும் bxa6 தவிர அவரிடம் உள்ள மற்ற எல்லா நகர்வும் தோல்வி. "முதலில் ராஜாவைச் சரிசெய்துவிட்டு அப்புறம் வெட்டிக்கொள்ளலாம்" என்று ஒரே ஒரு நகர்வு தள்ளிப்போட்டாலும் உரிமையும் போகும், g4-உம் போகும். கடிகாரத்தில் நேரம் குறைவாக இருக்கும்போது சாதாரண வெட்டுகளை மட்டும் கண் தேடும், இது கண்ணில் படாது. பக்கத்துப் பாதையில் ஒரு சிப்பாய் இரண்டு கட்டம் தாவினால் காயைத் தொடுமுன் ஒரு நொடி நின்று, "வெட்டலாமா, வெட்டினால் என்ன?" என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் இதற்கு மருந்து. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பதால், ராஜாவைத் தொட்ட பிறகு ஞாபகம் வந்து பயனில்லை.

எதிராளிக்கு இந்த விதி தெரியாமல், "இது என்ன ஏமாற்று வேலை?" என்று சண்டைக்கு வந்தால் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். கடிகாரத்தை நிறுத்திவிட்டு நடுவரைக் கூப்பிடுங்கள், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. கடைசி நகர்வு எது என்பதுதான் அங்கே கேள்வியாகும். சிப்பாய் ஒரே தாவலில் வந்ததா, இரண்டு முறையில் வந்ததா என்பது பலகையைப் பார்த்தால் தெரியாது. இருவர் ஸ்கோர் ஷீட்டிலும் ஒழுங்காக எழுதியிருந்தால் ஒரு நிமிடத்தில் தீரும், எழுதாமல் விட்டிருந்தால் நடுவருக்கும் திண்டாட்டம்தான்.

இதே காரணத்தால்தான் கணினிகள் நிலையை எழுதும் வரியில் இதற்கென்றே ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கருப்பு a5 ஆடிய பின் நம் நிலை இப்படி எழுதப்படும்:

```
8/8/1p6/pP3Kp1/6Pk/8/8/8 w - a6 0 2
```

நடுவில் உள்ள a6 என்பது வெட்டும் சிப்பாய் போய் நிற்க வேண்டிய கட்டம். அந்த a6-ஐ அழித்துவிட்டு ஒரு கோடு போட்டு ஒட்டிப் பாருங்கள். காய்கள் எல்லாம் அதே இடத்தில் இருக்கும், வெள்ளையின் முறையும் மாறாது, ஆனால் வெள்ளை தோற்கும் நிலை கிடைக்கும்.

நீங்களே செய்து பார்க்க ஒரு மாற்றம். அதே நிலையில் b சிப்பாய்களை மட்டும் ஒரு கட்டம் கீழே இறக்குங்கள்: வெள்ளைச் சிப்பாய் b4, கருப்புச் சிப்பாய் b5, a7 அப்படியே. கருப்பின் முறை. இப்போது a6 ஆடினால் b4 சிப்பாய்க்கு அது எட்டாது, வெள்ளையிடம் நகர்வு இல்லை, ஸுக்ஸ்வாங்கில் விழுவது வெள்ளைதான். இரண்டு கட்டம் தாவி a5 ஆடினால் என்ன ஆகும், அதை வெள்ளை வெட்டினால் அது ஆன் பஸானா, சாதாரண வெட்டா என்று காயை நகர்த்தாமல் சொல்லிப் பாருங்கள். வெள்ளைச் சிப்பாய் எந்த வரிசையில் நிற்கிறது என்று பார்த்தால் பதில் கிடைக்கும்.